ஒயர் தெரியாத பலகை

மாமனார் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்த படம் பட்டென்று போய், திரை கறுத்து, டிவியின் முதுகில் சொருகியிருந்த படம் காட்டும் குச்சியின் முத்திரை மெல்ல எழுந்து வந்தபோது மூத்த மாப்பிள்ளைக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, அதை வெளியில் சொன்னால் மானம் போய்விடும். முகத்தை மட்டும் ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, "என்ன மாமா, மறுபடியுமா?" என்று கேட்டார். கேட்கும்போதே வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"ஆமா மாப்ள. சுரங்கத்துக்குள்ள நுழையிற நேரம் பாத்து நிக்குது. ஒரு தடவையாவது அந்தப் பக்கம் வெளியில வர்றதப் பாத்தேனா?" என்றார் மாமனார்.

மாமனார் காலமெல்லாம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. இன்ஜின் முகப்பில் கேமராவை வைத்து யாரோ எந்தெந்த நாட்டிலோ எடுத்த படங்கள், பனிமலை, பாலம், சுரங்கம் என்று மணிக்கணக்கில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு "இங்க ஹாரன் அடிச்சிருக்கணும், அடிக்கல பாரு" என்று முகம் தெரியாத டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் மக்கர் பண்ணி வெளியே நடக்க முடியாமல் போனதிலிருந்து அவருக்கு இருந்த ஒரே சவாரி அது. அந்தச் சவாரியைக் கொண்டுவந்து கொடுத்தது இளைய மாப்பிள்ளை. மூத்தவருக்கு எரிந்தது அங்கேதான்.

மூத்தவர் மரவேலைக்காரர். வீடுகளுக்கு அலமாரி, சமையலறைப் பெட்டி, டிவிக்குப் பின்னால் சுவரை மூடுகிற பலகை எல்லாம் செய்வார். மாமனார் வீட்டுக் கூடத்தில் அவர் அடித்திருந்த பலகை அவருடைய தொழிலுக்கே அடையாள அட்டை மாதிரி. ஒரே மரத்தில் சீவிய இரண்டு மெல்லிய தாள்களைப் புத்தகத்தைப் பிரித்து வைத்தாற்போல எதிரெதிரே ஒட்டி, ரேகைக்கு ரேகை இணைய வைத்திருந்தார். டிவி அதற்குள் குழிந்து உட்கார்ந்திருக்கும். பின்னால் ஒரு பெட்டி அறை, பக்கவாட்டில் காந்தம் வைத்த சின்னக் கதவு. எங்கே தேடினாலும் ஒரு ஒயர் தெரியாது. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் போனில் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

அந்த வீட்டில் ஒரு பேச்சு உண்டு. குழாய் ஒழுகினாலும், பாங்கிலிருந்து காகிதம் வந்தாலும், எந்த டாக்டரிடம் போவது என்று குழம்பினாலும் மாமனார் மாமியாரிடம் சொல்வது ஒன்றே ஒன்று: "மூத்தவரக் கேளு." மூத்தவர் அதைக் காதால் கேட்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பார். அது போய்விட்டால் அந்த வீட்டில் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

இளையவர் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர்கள் வாசலில் காத்திருந்து காத்திருந்து பழகிய சிரிப்பு, எப்போதும் தயாராக இருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே மூத்தவருக்கு அந்தச் சிரிப்பு ஆகாது. ஒருநாள் அந்தச் சிரிப்போடு வந்து, கட்டைவிரல் தடிமனில் ஒரு குச்சியை மாமனார் கையில் வைத்து, "இத டிவி பின்னாடி சொருகிட்டா போதும் மாமா, உலகத்துல இருக்கிற எல்லா ரயிலும் உங்க வீட்டுக்கு வரும்" என்றார்.

டப்பாவுக்குள் குச்சியோடு ஒரு ஒயர், சுவரில் மாட்டுகிற ஒரு அடாப்டர், விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு ஒயர் எல்லாம் இருந்தன. இளையவர் அடாப்டரை எங்கே மாட்டலாம் என்று பார்த்தார். பலகைக்குப் பின்னால் டிவிக்கு என்று ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான். வெளியில் இருக்கும் பாயிண்டில் மாட்டினால் ஒயர் பலகையின் குறுக்கே தொங்கும்.

மூத்தவர் குறுக்கே வந்துவிட்டார். "தம்பி, பலகை மேல ஒயர் கியர் எல்லாம் தொங்க விட முடியாது. டிவியிலயே யூஎஸ்பி ஓட்டை இருக்கு, கரண்டு அதுல இருந்து எடுத்துக்கலாம். குடுங்க, நானே மாட்டுறேன்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று இளையவர் விலகிக்கொண்டார்.

மூத்தவரே கதவைத் திறந்து, குச்சியை டிவியின் முதுகில் சொருகி, ஒயரை டிவியின் யூஎஸ்பியில் மாட்டி, கதவைச் சாத்தினார். அடாப்டரும் ஒட்டு ஒயரும் கீழே இழுப்பறைக்குள் போயின. எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம் திரையில் ஒரு எழுத்து வந்தது: மின்சாரம் போதவில்லை, கூட வந்த அடாப்டரைப் பயன்படுத்தவும். பார்த்தது அவர் ஒருவர்தான். கையில் ரிமோட் இருந்தது. ஓகேயை அமுக்கினார், எழுத்து போய்விட்டது. படம் ஓடத்தானே செய்கிறது, பிறகென்ன என்று அவரும் கை கழுவப் போனார்.

அப்புறம் நடந்தது எல்லாம் தெரிந்ததுதான். பட்டியலில் மேலும் கீழும் போகிற வரைக்கும் குச்சி ஒழுங்காக இருக்கும். மாமனார் துல்லியமான பெரிய படமாகப் பார்த்துப் போட்டு, அது கொஞ்ச தூரம் ஓடியதும் திரை கறுக்கும். முத்திரை வரும். மறுபடி முதலிலிருந்து. டிவியை அணைத்துப் போட்டால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் குச்சி தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி முத்திரையிலிருந்து தொடங்கும்.

மாமியார் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "அந்தக் குச்சியே மட்டமான குச்சி போல இருக்கு."

அந்த எழுத்து மூத்தவருக்கு நினைவுக்கு வராமல் இல்லை. தளங்களில் கூட வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டும் பார்த்தார். "அண்ணே, அந்த ஓட்டை பென்டிரைவ் போடக் குடுத்தது. பல டிவியில அரை ஆம்பியர்தான் தரும். குச்சிக்கு ஒரு ஆம்பியராவது வேணும். சும்மா இருக்கும்போது சமாளிக்கும். பெரிய படம் ஓடி, வைஃபையும் சேந்து இழுக்கும்போது வோல்டேஜ் இறங்கும், செத்து எழும். அடாப்டர்ல போட்டா சரியாப்போச்சு" என்றான் அவன். ஆக, மருந்து இழுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. எடுத்துப் போட வேண்டியதுதான். ஆனால் போட்டால் குச்சி நல்ல குச்சியாகிவிடும், இளையவர் நல்ல மாப்பிள்ளையாகிவிடுவார். கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கணக்கு தப்பியது வேறு இடத்தில். குச்சி கெடக் கெட இளையவருக்கு மவுசு ஏறியது. "இளையவரக் கூப்பிடு, குச்சி நின்னுபோச்சு" என்று மாமனார் போன் போடச் சொல்வார். இளையவர் வேலையைப் போட்டுவிட்டு வருவார். டிவியின் வேறு ஓட்டையில் மாற்றிச் சொருகுவார், அப்டேட் போடுவார், எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்வார். ரீசெட் ஆனதும் பாஸ்வேர்டை ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். மாமனாரும் இளையவரும் சோபாவில் தோளோடு தோள் உட்கார்ந்து, "பெரிய எழுத்தா மாப்ள, சின்ன எழுத்தா?" என்று ஒரே கொஞ்சல். மாமியார் சூடாக எதையாவது கொண்டுவந்து வைப்பார். "பாவம், எத்தன தடவ அலையிறாரு. முகம் சுளிக்கிறாரா பாரு."

மூத்தவருக்குக் காதில் புகை வந்தது. பதினைந்து வருஷமாகக் குழாய் மாற்றி, கதவு சீவி, பரண் அடித்து வாங்கிய பெயரை, ஒரு வேலையும் உருப்படியாக முடிக்காத ஒருவன் முடிக்காமலேயே வாங்கிக்கொண்டு போகிறான். இதெல்லாம் எந்த ஊர் நியாயம்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க தங்கச்சி புருஷனா இருந்தா இப்படி எரியுமா?"

"எனக்கு என்ன எரிச்சல்? உங்கப்பாவுக்குப் படம் நிக்குதேன்னு கவல."

"கவலையா. அப்ப முகத்துல ஏன் எள்ளும் கொள்ளும் வெடிக்குது? போய் முகத்தக் கழுவுங்க. பொறாமையில பாதி கரைஞ்சாலும் கரையும்."

அன்றே முடிவு செய்தார். குச்சியைத் தானே சரி செய்வது. எல்லோரும் பார்க்க, முக்கியமாக அந்தச் சிரிப்புக்காரன் பார்க்க, சரி செய்து காட்டுவது.

ஒரு வார நாளில் மாமனாரை மாமியார் பிசியோதெரபிக்கு அழைத்துப் போயிருந்த நேரம், கதவுக் கீல் பார்க்க வேண்டும் என்று சாவி வாங்கிக்கொண்டு போனார். பெட்டி அறைக்குள் ஒரு பிளக் இருந்த இடத்தில் பல பிளக் வைக்கிற பட்டையைப் பொருத்தினார். டிவியையும் அடாப்டரையும் அதில் மாட்டினார். குச்சியின் ஒயரை யூஎஸ்பியிலிருந்து பிடுங்கி அடாப்டரில் கொடுத்தார். எல்லாம் உள்ளுக்குள்ளேயே. பலகையில் ஒரு கீறல் இல்லை, ஒரு ஒயர் வெளியே இல்லை. பெரிய படம் ஒன்றைப் போட்டுச் சோதித்தார். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி ஜம்மென்று போயிற்று. ஒட்டு ஒயர் இழுப்பறையிலேயே கிடந்தது. அது எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு விசிலடித்துக்கொண்டே இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மாமனார் ரிமோட்டை இளையவரிடம் நீட்டப் போனார்.

"மாமா, நீங்களே போடுங்க. இனிமே நிக்காது" என்றார் மூத்தவர்.

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் பாத்துட்டேன் மாமா. கரண்டு விஷயம். சரி பண்ணிட்டேன்."

இளையவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. மூத்தவர் அதைக் கண்குளிரப் பார்த்தார். ரயில் புறப்பட்டது. பாலம் வந்தது, போனது. முதல் சுரங்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. மாமனார் தொடையில் தட்டி, "அடேயப்பா" என்றார். மாமியார் பக்கம் திரும்பி, "இதத்தான் அன்னிக்கே சொன்னேன், மூத்தவரக் கேளுன்னு" என்றார். மூத்தவருக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை. இளையவருக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிட எடுத்து வைக்கச் சொல்லிப் பெருந்தன்மைகூடக் காட்டினார்.

சாப்பிட்டு முடித்து வந்து உட்கார்ந்த பிறகுதான் படம் தத்தளித்தது. ரயில் விட்டு விட்டு ஓடியது. பிறகு திரை நடுவில் ஒரு எழுத்து: சாதனம் அதிகம் சூடாகிவிட்டது, குளிரும் வரை நிறுத்தப்படுகிறது. கறுத்தது. இந்தத் தடவை முத்திரைகூட வரவில்லை.

மாமனார் ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி விடுங்க மாப்ள. அதுக்கும் வயசாயிடுச்சு போல. நான் கொஞ்சம் படுக்கிறேன். சாயந்திரம் அதக் கழட்டி டப்பாவுல போட்டுடுங்க." உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. மூத்தவர் பக்கக் கதவைத் திறந்தார். உள்ளிருந்து அடுப்பு வாயைத் திறந்தது போலச் சூடு முகத்தில் அடித்தது. குச்சியில் கை வைத்தவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். டிவியின் முதுகுச் சூடு, அடாப்டர் சூடு, அடாப்டரில் மாட்டிய நாளிலிருந்து டிவி அணைந்தாலும் அணையாமல் கிடந்த குச்சியின் சூடு, எல்லாம் போக வழியில்லாமல் அந்தப் பெட்டிக்குள் அடைந்து கிடந்தது. அவர் அவ்வளவு நேர்த்தியாக, இடுக்கே இல்லாமல் செய்த பெட்டி.

இளையவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "கரண்டு சரியாத்தான் போட்டிருக்கீங்கண்ணே. காத்துதான் இல்ல" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் கரண்டுன்னு?"

இளையவர் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மொத தடவ ரீசெட் பண்ணப்பவே திரையில ஒரு எழுத்து வந்துச்சு. அடாப்டர் போடுன்னு. மாமா கண்ணாடி எடுக்கப் போயிருந்தாரு. நான் ஓகே அமுக்கிட்டேன்."

"ஏன்?"

"சரியாயிட்டா என்னை எதுக்குண்ணே கூப்பிடப் போறாரு? இந்த வீட்டுல எது நடந்தாலும் மூத்தவர், மூத்தவர். நான் வந்தா, வாங்க உக்காருங்க, அவ்வளவுதான். இந்தக் குச்சி கெட்டதுல இருந்துதான் என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. விட மனசு வரல." சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அது சரியாக உட்காரவில்லை.

தன்னைப் பார்த்து ஒருவன் வயிறெரிந்துகொண்டிருக்கிறான் என்பது மூத்தவருக்கு முதலில் தேன் மாதிரி இறங்கியது. ரெண்டு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டதில், உள்ளே படுத்திருக்கிற கிழவருக்கு இருந்த ஒரே சவாரியும் போச்சு என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. கன்னத்தில் யாரோ அறைந்தது போல இருந்தது.

வண்டிக்குப் போய்க் கருவிப் பெட்டியை எடுத்து வந்தார்.

"என்னண்ணே பண்ணப் போறீங்க?"

"டிவியப் புடிங்க."

பலகையின் அடியில் பென்சிலால் கோடு போட்டார். மேலேயும் போட்டார். கீழே குளிர்ந்த காற்று நுழைய வேண்டும், மேலே சூடு வெளியேற வேண்டும். அலமாரிக்குள் ஃபிரிட்ஜ் வைக்கிற வீடுகளுக்கு எத்தனை தடவை செய்து கொடுத்த வேலை அது. ரேகைக்கு ரேகை இணைத்த அந்த இடத்தில் ரம்பத்தை வைக்கும்போது மட்டும் கை ஒரு நொடி நின்றது. பிறகு வெட்டினார். தூள் கூடமெல்லாம் பறந்தது. இளையவர் தன் வெள்ளைச் சட்டையோடு தூளுக்குள் நின்று டிவியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடாப்டரைப் பெட்டிக்கு வெளியே உள்ள பாயிண்டுக்கே மாற்றினார்கள். ஒயர் பலகையின் ஓரமாக எல்லோருக்கும் தெரியும்படி இறங்கியது. இளையவர் இழுப்பறையிலிருந்து ஒட்டு ஒயரை எடுத்துக் கொடுத்தார். குச்சி டிவியின் முதுகில் ஒட்டாமல், அந்த ஒயர் நுனியில் காற்றுவாக்கில் தொங்கியது.

சத்தத்தில் மாமனார் எழுந்து வந்துவிட்டார். பலகையில் விழுந்திருந்த பிளவுகளைப் பார்த்தார், தூளைப் பார்த்தார், சோபாவில் உட்கார்ந்தார். ரயிலைப் போட்டார்கள். சாயங்காலம் சாய்கிற வரைக்கும் ஓடியது. மூத்தவர் நடுநடுவே கை விட்டுத் தொட்டுப் பார்த்தார். குச்சி வெதுவெதுவென்று இருந்தது, சுடவில்லை. மலையில் ஏறி, வரிசையாகச் சுரங்கங்களைத் தாண்டி, ஒரு ஏரிக்கரை ஸ்டேஷனில் போய் நின்றது ரயில். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கோளாறு எதுல இருந்துச்சு?" என்று கேட்டார்.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். முன்கூட்டியே சேர்த்துவைத்த வார்த்தை இல்லை, தப்பை ஒப்புக்கொள்ள அப்போதுதான் நெஞ்சிலிருந்து கிளம்பிய வார்த்தை. அது நாக்குக்கு வருவதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என் தப்புதான் மாமா. அடாப்டர்லதான் போடணும்னு குச்சியே சொல்லுச்சு. நான்தான் கண்டுக்கல. உங்கள அலைக்கழிச்சிட்டேன்" என்றார் இளையவர். சிரிக்கவில்லை. தூள் படிந்த முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மாமனார் அவரையே பார்த்தார். பிறகு எட்டிக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன் மாப்ள. சிக்னல் தாண்டுனவன் எவனும் நான்தான் தாண்டுனேன்னு சொல்லிக் கேட்டதில்ல. நீங்க சொல்றீங்க." மாமியாரிடம் திரும்பினார். "கேட்டியா? இனிமே எதுன்னாலும் இளையவரயும் ஒரு வார்த்த கேளு."

மூத்தவருக்குச் சுர்ரென்று ஏறியது. டிவியில் சொருகியது யார்? முதலில் ஓகே அமுக்கியது யார்? பெட்டியை மூச்சுமுட்ட அடைத்தது யார்? இவர் கையால் செய்த தப்பு முழுவதையும் அலுங்காமல் தூக்கி அவன் தன் தலையில் வைத்துக்கொண்டு, அதற்கும் பெயர் வாங்கிவிட்டான் பாவி.

"இல்ல மாமா, தப்பு என்னுது" என்றார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "யூஎஸ்பியில மாட்டுனது நான். அந்த எழுத்த மொதல்ல பாத்தது நான். தெரிஞ்சே சும்மா இருந்தேன். சத்தியமா, எல்லாம் நான்தான்."

அவர் மனைவி வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தாள். மாமனார் இளையவரின் கையை விடாமலே, மூத்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாஞ்சையோடு சிரித்தார்.

"ஏன் மாப்ள," என்றார், "இதுலகூடவா அவரோட போட்டி?"